நீண்ட உரையில் ஷார்ட்ஸுக்கு எந்தத் துண்டு?

ஒரு மணி நேர வகுப்பு உரையில் வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: கைதட்டலும் சிரிப்பும் எழுந்த இடம், யூடியூப் ஸ்டுடியோவின் பார்வை வரைபடம் மேலே ஏறும் இடம், கடைசியில் வரும் கேள்வி-பதில். என் ஓட்டு மூன்றாவதுக்கு.

கைதட்டலை நம்ப முடியாது. சிரிப்புக்கான விதை பெரும்பாலும் பத்து நிமிடம் முன்பே போடப்பட்டிருக்கும். வெட்டி எடுத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

வரைபடம் கொஞ்சம் மேல். ஆனால் மேடு இருக்கிறதென்றால் அங்கே திரும்பப் பார்த்தார்கள், அல்லது நேராக அங்கே தாவி வந்தார்கள் என்றுதான் பொருள். ஏன் என்று அது சொல்லாது. பாட உரைகளில் சூத்திரம் நிறைந்த ஸ்லைடில் மேடு விழுவது சகஜம், மாணவர்கள் குறிப்பெடுக்க நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால். அந்த ஸ்லைடு செங்குத்துச் சட்டத்துக்குள் அடங்கவும் அடங்காது. 1920×1080 பதிவில் 9:16 வெட்டினால் அகலத்தில் கிடைப்பது சுமார் 607 பிக்சல், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆளும் பலகையும் சேர்ந்து வராது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது, துண்டு தனியாக நிற்கிறதா என்பதுதான். கேள்வி-பதிலில் சொல்ல வந்த விஷயம் கேள்வியிலேயே இருக்கிறது. பேச்சாளரும் பலகையை விட்டு நம்மைப் பார்த்து நிற்கிறார்.

கொதிநிலை பற்றிய உரையில், “ஊட்டியில சாதம் வேக ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?” என்று ஒரு மாணவி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில், “நல்ல கேள்வி, முதல்ல சொன்ன அந்த ஆவியழுத்தம் இருக்குல்ல...” என்று தொடங்கும். ‘முதல்ல சொன்ன’, ‘அந்த’ என்று வந்தாலே அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். “அங்க தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுரும்” என்ற இடத்தில் தொடங்கி, “எவ்வளவு தீ வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது” வழியாக, குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை போகும் என்பதில் முடித்தால் போதும். 45 வினாடிக்குள் அடங்கிவிடும். கேட்டவரிடம் மைக் இருந்திருக்காது, அதனால் கேள்வியை முதல் மூன்று வினாடி எழுத்தாகத் திரையில் போடுங்கள்.

வெட்டும்போது வால் பகுதியைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, பேசுகிறவர் குரலும் அங்கேதான் தணிகிறது. மௌனத்தைத் தானாக நீக்கும் வசதியைப் போட்டால் ‘ஏறாது’வின் பின்பகுதியே போய்விடலாம், ஏறுமா ஏறாதா என்பது அதில்தான் இருக்கிறது. கடைசிச் சொல்லுக்குப் பின் அரை வினாடி விட்டு, கையால் வெட்டுவதே நல்லது.

இலக்கியச் சொற்பொழிவுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவற்றில் பெரும்பாலும் கேள்வி நேரமே இருப்பதில்லை. பேச்சாளர் தானே ஒரு கேள்வியைப் போட்டுத் தானே பதில் சொல்லும் இடங்களை அங்கே முதலில் தேடலாம்.