கூட்டம் முடிந்த பிறகு: முழுக் குறிப்பா, முடிவுகள் மட்டுமா?

உப்புவெளியில் ஒரு விடுதியின் முன்பதிவுகளைக் கவனிக்கிறேன். சீசனுக்கு முன் நிலாவெளிப் படகுக்காரர்களோடும் கொழும்பு டிராவல் ஏஜென்சியோடும் ஒரு கூட்டம் வைப்போம். அதன் பிறகு வெளியாட்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலை இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன்.

முதல் முறை, முழுக் கூட்டக் குறிப்பையும் நான்கு பக்க பிடிஎஃப் ஆக இணைத்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "புறாத்தீவுப் பயணத்தின் புதிய விலை புதுவருசத்துக்கு முன் தரப்படும்." யார் தருவது என்று அதில் இல்லை. ஏஜென்சி கேட்கட்டும் என்று படகுக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் அனுப்புவார்கள் என்று ஏஜென்சி இருந்தது. "புதுவருசத்துக்கு முன்" என்றால் கொழும்பு அலுவலகத்துக்கு லீவுக்கு முந்திய கடைசி வேலைநாள், படகுக்காரருக்கு ஏப்ரல் 13 பின்னேரம். விலை வந்தபோது ஏஜென்சியின் விலைப்பட்டியல் அச்சாகிவிட்டது.

அடுத்த முறை இணைப்பே இல்லை. மின்னஞ்சலைத் திறந்ததும் இது:

"முடிவு: புறாத்தீவு விலை ஆளுக்கு அல்ல, படகுக்கு. புதிய விலையை அனுப்பும் பொறுப்பு: படகுக்காரர் சங்கச் செயலாளர், கூட்டத்தில் நீங்கள் ஏற்றபடி. கெடு: ஏப்ரல் 9, புதன், பி.ப. 4.00."

படகுக்காரர்கள் போனில்தான் படிக்கிறார்கள். அதனால் அட்டவணை போடவில்லை, அது சின்னத் திரையில் உடைந்துபோகும். "நீங்கள் ஏற்றபடி" என்பது முக்கியம். நமக்குக் கீழ் வேலை செய்யாதவருக்கு நாம் கட்டளை போட முடியாது. கூட்டத்துக்கு வராதவரைப் பொறுப்பாக்குவதென்றால் முதலில் போன் எடுத்துக் கேட்டுவிடுவேன்.

இந்த முறையில் இழப்பும் உண்டு: ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது காணாமல் போகும். பிறகு பிணக்கு வந்தால் முழுக் குறிப்பு தேவைப்படும். ஆகவே அதை எழுதி எங்களிடம் வைத்துக்கொள்கிறேன். வெளியே போவது சுருக்கம்தான்.

உறுதிப்படுத்தலிலும் இரண்டு வழி இருக்கிறது. "வியாழன் மாலைக்குள் திருத்தம் வராவிட்டால் இதுவே முடிவு" என்று எழுதுவது ஒன்று. புறப்படும் நேரம், சந்திக்கும் இடம் போன்றவற்றுக்கு அது போதும். விலைக்கும் உயிர்காப்பு அங்கிக்கும் போதாது. கடலுக்குப் போனவர் மின்னஞ்சலைத் திறந்தே இருக்க மாட்டார், அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால் சீசன் நடுவில் சண்டை வரும். அந்த வரிகளுக்கு மட்டும் "சரி என்று பதில் போடுங்கள்" என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் போனில் பேசி, "இன்று போனில் உறுதி செய்தார்" என்று எல்லோருக்கும் எழுதிவிடுவேன்.

எந்த வழியானாலும் புது மின்னஞ்சலாகத்தான் தொடங்குவேன். எங்களுக்குள் போன பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பினால், எந்த விலைவரை இறங்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டதும் அடியில் சேர்ந்தே போய்விடும்.