740 ரூபாய் வண்டி வாடகையை நாலு வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது?

மதுரை ஆனையூரில் எங்கள் அடுக்ககத்தில் நாலு வீடு சேர்ந்து விருதுநகரிலிருந்து பருப்பு, எண்ணெய், வற்றல் எல்லாம் மொத்தமாக இறக்குகிறோம். கீழமாசி வீதியிலேயே வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ரெண்டு உருப்படிதான் வேண்டும் என்றால் நானும் அங்கேதான் போவேன். பருப்பை அள்ளிப் பார்த்து வாங்கலாம், சரியில்லை என்றால் சாயங்காலமே கொண்டுபோய் மாற்றலாம். விருதுநகர் கடைக்காரர் அஞ்சு உருப்படிக்கு மேல் போனால்தான் மொத்த விலை போடுவார். அந்த விலை கீழமாசி வீதியை விடக் குறைவு. ஆனால் லாரி வாடகை தனி, சரக்கைப் பார்க்காமல்தான் வாங்க வேண்டும்.

போன மாத ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கீழ்வீட்டு இட்லி மாவு அக்காவுக்கு 30 கிலோ உளுந்து மூட்டை ரெண்டு, எண்ணெய் டின் ஒன்று. டின்னில் எண்ணெய் 15 கிலோ, தகரத்தோடு 16. மாடி வீட்டுக் கூட்டுக்குடும்பத்துக்குத் துவரம்பருப்பு 30 கிலோ மூட்டை ஒன்று, டின் ஒன்று. எங்களுக்கு ஒரு டின். எதிர்வீட்டு டீச்சருக்கு 10 கிலோ மிளகாய் வற்றல். மொத்தம் ஏழு உருப்படி, 148 கிலோ. பார்சல் சர்வீஸ் உருப்படிக்கு 60 வீதம் 420 வாங்கியது. பார்சல் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு லோடு ஆட்டோ 320. ஆக 740.

தலைக்குச் சமமாகப் போட்டால் வீட்டுக்கு 185. கணக்கு சுலபம்தான், ஆனால் டீச்சருக்கு வற்றல் கிலோவுக்குப் பதினெட்டரை ரூபாய் வாடகையே ஏறிவிடும். மொத்த விலையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். அடுத்த தடவை அவர் வரமாட்டார்.

எடைப்படி போட்டால் கிலோவுக்கு 5 ரூபாய். அக்காவுக்கு 380, கூட்டுக்குடும்பத்துக்கு 230, எங்களுக்கு 80, டீச்சருக்கு 50. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். நாங்களும் ரொம்ப நாள் இப்படித்தான் பிரித்தோம், அக்காவும் வாய் திறக்காமல் கொடுத்தார். ஆனால் பார்சல்காரர் எடை போட்டா வாங்கினார்? வற்றல் மூட்டை 10 கிலோதான், லாரியில் உளுந்து மூட்டைக்குக் குறையாமல் இடம் அடைக்கும். அதற்கும் அதே 60தான். இன்னொன்று, அக்காவின் மூன்று உருப்படியை எடுத்துவிட்டால் மிச்சம் நாலு. யாருக்குமே மொத்த விலை கிடையாது. யாரால் விலை இறங்கியதோ அவர் தலையிலேயே பாதி வாடகையை வைத்திருக்கிறோம்!

விலைப்படி பிரிப்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வாடகை வாங்கியவர் யாரும் சரக்கின் விலையைக் கேட்கவில்லை.

இப்போது, நம்மிடம் எப்படி வாங்கினார்களோ அப்படியே பிரிக்கிறோம். லாரிக்கு உருப்படிக்கு 60. ஆட்டோ எப்படியும் ஒரு நடைதான், அதனால் வீட்டுக்கு 80. அக்காவுக்கு 260, கூட்டுக்குடும்பத்துக்கு 200, எங்களுக்கும் டீச்சருக்கும் தலா 140. எங்களுக்கு எடைக் கணக்கை விட 60 ரூபாய் கூடத்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வாடகையை விடப் பெரிய சண்டை சரக்கு கெட்டு வந்தால்தான். போன மாதம் எங்கள் டின்னின் அடித்தையலில் கசிவு. பார்சல் ஆபீஸிலேயே சாக்கு எண்ணெய்ப் பசையாக இருந்ததைப் பார்த்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் டெலிவரி நோட்டில் "டின் ஒழுகல்" என்று எழுத வைத்தோம், போட்டோவும் எடுத்தோம். சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் சரக்கு நல்லபடியாக வந்தது என்றாகிவிடும். வீட்டில் தொங்கு தராசில் மாட்டினால் பதிமூன்றரை கிலோ. ரெண்டரை கிலோ எண்ணெய் போயிருந்தது. கிலோ 160 என்றால் 400 ரூபாய்.

திருப்பி அனுப்பி வேறு டின் வாங்கலாம். ஆனால் போக லாரி 60, வர 60, ரெண்டு தடவை ஆட்டோ 150 வீதம் 300. 400 ரூபாய் நஷ்டத்துக்கு 420 செலவு. அதற்குப் பதில் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டிப் பேசினோம், அடுத்த பில்லில் 200 கழித்துக்கொள்வதாகச் சொன்னார். மீதி 200ஐ நாலு வீடும் ஆளுக்கு 50 போட்டுக்கொண்டோம். எந்த டின் ஒழுகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, பிரித்துக் கொடுக்கும் முன்னேயே பட்ட சேதம். அதனால் அது எல்லோருடையதும்.

வீட்டுக்குப் போன பிறகு தெரிகிற வண்டு, பூஞ்சைக்கு மூன்று நாள் கெடு வைத்திருக்கிறோம். அதற்குள் மூட்டையின் தையல் தெரிகிற மாதிரி போட்டோ வந்தால் பொதுக் கணக்கு, தாண்டினால் அவரவர் பாடு. மனசு மாறித் திருப்புவதற்குப் பொதுக் கணக்கே கிடையாது. டீச்சர் குண்டு மிளகாய் சொல்லிவிட்டு, வந்த பிறகு நீட்டு மிளகாய்தான் வேண்டும் என்றார். போகவர வாடகை முழுக்க அவருடையது என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் மொட்டை மாடியில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.