ஏசிஎல் அறுவைக்குப் பின்: மினி ஸ்குவாட்டா, லெக் எக்ஸ்டென்ஷனா?

முட்டியில் அறுந்த நாருக்குப் பதிலாகப் புதிய நார் வைக்கும் ஏசிஎல் அறுவைக்குப் பிறகு தொடையின் முன்தசை வேகமாகச் சுருங்கிவிடும். அதை மீட்க இரண்டு வழிகள். பாதத்தைத் தரையில் ஊன்றிச் செய்யும் மினி ஸ்குவாட் ஒன்று; உட்கார்ந்தபடி காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மற்றது.

ஸ்குவாட்டில் தொடையின் பின்தசையும் சேர்ந்து இழுப்பதால், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவுவது குறைகிறது. அதனால் இரண்டாம் வாரம் முதலே, 60 பாகைக்கு மேல் மடக்காமல், பத்துப் பத்தாக மூன்று சுற்று செய்யச் சொல்வார்கள். குறை என்னவென்றால், நமக்கே தெரியாமல் எடையை நல்ல காலுக்கு மாற்றிவிடுவோம். இரு பாதங்களுக்கும் கீழே தனித்தனியாக எடை பார்க்கும் கருவி வைத்தால் குட்டு வெளிப்படும்.

லெக் எக்ஸ்டென்ஷனில் அந்த ஏமாற்று நடக்காது, முன்தசை தனியாக உழைத்தே ஆகவேண்டும். ஆனால் கால் நேராகும் கடைசி 30 பாகையில் அந்தத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. எடை கூட்டினால் புதிய நாரில் இழுவிசையும் கூடும். ஆகவே நான்காம் வாரம் தொடங்கி 90 முதல் 45 பாகை வரை மட்டும், பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, எட்டாம் வாரத்தில் முழுதாக என்பது பரவலான முறை. பின்தொடை நாரை எடுத்து ஒட்டியவர்கள் முதல் 12 வாரம் கூடுதல் எடை சேர்க்காமல் இருப்பது நல்லது. எலும்பில் துளைத்த சுரங்கத்தில் அந்த நார் மெதுவாகவே பிடிக்கும்.

ஸ்குவாட்டில் தொடங்கி எக்ஸ்டென்ஷனைச் சேர்ப்பதே சரி. பயந்து இரண்டாவதை ஒதுக்கினால் தொடை பல மாதம் பலவீனமாகவே கிடக்கும்.

வேகம் மீறினால் முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் வலி அல்ல, முட்டியில் கோக்கும் நீர். பின்தொடை நார் வைத்த ஒருவர் ஆறாம் வாரத்தில் கணுக்காலில் 2 கிலோ கட்டி, முழுதாக நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று வலி இல்லை. மறுநாள் காலை முட்டிச்சில்லின் நடுவில் டேப் சுற்றினால் 38 செ.மீ. இருந்தது 39 ஆகியிருக்கிறது. முட்டியின் உட்பக்கத்தை மேல்நோக்கி இரண்டு மூன்று முறை வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கி வழித்தால், உட்பக்கக் குழியில் நீர் அலையாய்த் திரும்புகிறது. முட்டி முன்போல முழுதாக நீளவில்லை. முட்டியில் நீர் கோத்தால் முன்தசை தானாகவே அடங்கிவிடும் என்பதால், இந்த நிலையில் எடை தூக்குவது வீண்.

இப்போது எடையைக் கழற்றி, பாகையை முந்தைய வாரத்துக்குக் குறைத்து, குதிகாலுக்கடியில் துண்டுச் சுருளை வைத்து முட்டியை நேராக்கும் பயிற்சியை மட்டும் விடாமல் செய்யவேண்டும். அளவு பழையபடி 38க்கு வந்த பிறகு, பாகை அல்லது எடை, ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ‘டப்’ என்ற சத்தத்தோடு முட்டி விலகினாலோ பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.