"மாதம் 1% வட்டி" விளம்பரத்தை நம்பி நான் ஏமாந்த கதை: அதை எப்படித் திருப்பி எழுதிப் பார்ப்பது

போன வாரம் தங்கை ஒரு கடன் விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, மாசம் ஒரு சதவீதம்தானே, எடுக்கலாமா?" என்று கேட்டாள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. இரண்டு வருடம் முன்பு நான் மாட்டிக்கொண்ட அதே விளம்பரம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி விளம்பரம் யாரிடமிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"மாதம் 1% வட்டி மட்டுமே! 1,20,000 வரை உடனடிக் கடன்!" என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கம், அடியில் சாம்பல் நிறத்தில், போனில் விரலால் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். நான் பெரிதாக்கவில்லை.

கேட்ட கடன் 1,20,000. கணக்கில் வந்து விழுந்தது 1,14,000. பரிசீலனைக் கட்டணம் என்று 3,600, நான் கேட்காத காப்பீட்டுக்கு 2,400, இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். தவணை மட்டும் முழுத் தொகைக்கும் போட்டார்கள்: மாதம் 11,200, பன்னிரண்டு மாதம்.

அந்த "1%" எங்கே ஏமாற்றுகிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாம் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆறாவது மாதம் முடியும்போது கிட்டத்தட்டப் பாதி அசல் அவர்களிடம் திரும்பியிருக்கும். ஆனால் வட்டியைக் கடைசி மாதம் வரை முழு 1,20,000க்கும் போடுகிறார்கள். இதைத்தான் ஃப்ளாட் ரேட் என்பார்கள். அப்படி வரும் வட்டி 14,400. மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் மாதம் 1% போட்டிருந்தால், மொத்த வட்டி 8,000ஐக்கூடத் தொட்டிருக்காது. குறையும் அசலை வைத்துப் பார்த்தால் அவர்கள் வாங்கியது ஆண்டுக்கு 12% இல்லை, சுமார் 21.5%. பிடித்த 6,000ஐயும் சேர்த்தால் 31.5% ஆகிறது.

இந்த எண்ணை விரிதாளில் நீங்களே எடுக்கலாம். மாதங்கள், தவணை, கையில் வந்த தொகை, இந்த மூன்றும் போதும்:

```
=RATE(12,-11200,114000)*12
```

மூன்றாவது இடத்தில் விளம்பரத் தொகையைப் போடாதீர்கள். உண்மையில் கணக்கில் ஏறும் தொகையைப் போட வேண்டும். அங்கே 120000 என்று போட்டால் கட்டணங்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

ஆறு தவணை கட்டியதும் கடனை முடித்துவிடலாம் என்று போனேன். 60,000 மீதி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் சொன்னது 63,000க்கும் மேல். வட்டியில் பெரும்பகுதியை முதல் மாதங்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல், முன்கூட்டி முடிக்கக் கட்டணம், மீதி அசலில் 4%. அதுவும் அந்தச் சாம்பல் எழுத்தில் இருந்ததாம்.

தங்கைக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்த விளம்பரத்தையே, எல்லா வரியும் ஒரே அளவு எழுத்தில் வரும்படி, திருப்பி எழுதி அனுப்பினேன்:

"கடன் 1,20,000. உங்கள் கையில் கிடைப்பது 1,14,000. மாதம் 11,200 வீதம் 12 தவணை. மொத்தம் கட்டுவது 1,34,400. கட்டணங்கள் சேர்த்து ஆண்டு வட்டி 31.5%. முன்கூட்டி முடித்தால் மீதி அசலில் 4%. தவணை தவறினால் தாமதக் கட்டணம்: ______."

வட்டியைவிடக் கையில் கிடைப்பதையும் மொத்தம் கட்டுவதையும் முன்னால் வைத்தேன். 1,14,000 வாங்கி 1,34,400 கட்டுகிறோம் என்பது சதவீதம் தெரியாதவர்களுக்கும் உடனே உறைக்கும். சதவீதம் எதற்கு என்றால், வேறு இடத்துக் கடனோடு ஒப்பிட. அதுவும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1968ல் வந்த சட்டம் இதைத்தான் கேட்கிறது: விளம்பரத்தில் தவணைத் தொகையைச் சொன்னால், திருப்பிக் கட்டும் விவரத்தையும் ஆண்டு வட்டியையும் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும்.

தாமதக் கட்டணத்தை வெறுமையாக விட்டதற்குக் காரணம், விளம்பரத்தில் எவ்வளவு தேடியும் அது இல்லை. இப்படி எழுதும்போது நிரப்ப முடியாமல் நிற்கும் இடம்தான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பதில் எழுத்தில் வேண்டும். "அதெல்லாம் பெருசா ஒண்ணும் வராதும்மா" என்று என்னிடம் வாயால் சொன்னவர் பிறகு போனே எடுக்கவில்லை.

தங்கை அந்த வரிகளை அப்படியே முகவருக்கு அனுப்பி, "இது சரிதானா, காலியிடத்தில் என்ன வரும்?" என்று கேட்டிருக்கிறாள். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று பதில் வந்ததாம். அவள் போகவில்லை.