தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா: தளபதி எங்கே மாட்டுகிறார்?

படையினர் செய்த கொலைக்கும் வல்லுறவுக்கும் கொள்ளைக்கும் அவர்களின் தளபதியைத் தண்டிக்க மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். செய்தவர்கள் உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். நடந்தது அவர் அறிவுக்கு எட்டியது, அல்லது எட்டியிருக்க வேண்டும். தடுக்கவோ தண்டிக்கவோ அவர் தவறினார். இரண்டாவதை எப்படி அளப்பது என்பதில்தான் 1990-களின் போர்க் குற்றங்களை விசாரித்து முடித்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயமும், பல நாடுகள் சேர்ந்து ஏற்ற ரோம் சட்டப்படி இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் வேறுபடுகின்றன.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் கேள்வி, 'தெரிந்துகொள்ளக் காரணம் இருந்ததா?' என்பது. பொஸ்னியத் தடுப்பு முகாம் ஒன்றைப் பற்றிய செலெபிச்சி வழக்கின் 2001 மேல்முறையீட்டுத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. எச்சரிக்கை தரும் தகவல் ஏதாவது தளபதியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். அது பொதுவான தகவலாக இருந்தாலும் போதும். 'இன்ன ஆள் குடித்துவிட்டு அடிக்கிறவன்' என்பது போல. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாதபோது தானாகப் போய்த் துருவித் துருவி விசாரிக்கவில்லை என்பதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. வெறும் கவனக்குறைவு போதாது என்பதை 2004-ல் பொஸ்னியக் குரோவாட் தளபதி பிளாஷ்கிச்சின் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் உறுதிசெய்தது.

ரோம் சட்டத்தின் 28-வது பிரிவு ராணுவத் தளபதியிடம் இன்னும் கறாராக இருக்கிறது. அன்றைய சூழ்நிலையில் அவர் தெரிந்திருக்க வேண்டும் என்றாலே போதும். 2009-ல் காங்கோவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் பெம்பா மீதான வழக்கின் முன்விசாரணை நீதிபதிகள் இதைக் கவனக்குறைவு என்றே படித்தார்கள். தளபதி தானே தேடிப் போய்த் தகவல் திரட்ட வேண்டும் என்றார்கள். சிவில் மேலதிகாரிக்கு மட்டும் சலுகை உண்டு: குற்றத்தைத் தெளிவாகக் காட்டிய தகவலை அவர் தெரிந்தே ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஏட்டளவில் பார்த்தால் ரோம் வலையில்தான் தளபதிகள் அதிகம் சிக்க வேண்டும். நடந்தது வேறு.

செலெபிச்சி என்பது பொஸ்னியாவின் கொன்யிட்ஸ் அருகே 1992-ல் செர்பியர்களை அடைத்துவைத்த முகாம். அங்கே கொலை, சித்திரவதை, வல்லுறவு எல்லாம் நடந்தன. ஸ்ட்ராவ்கோ முசிச்தான் முகாமின் தளபதி என்பதற்கு முறையான நியமன ஆணை எதுவும் இல்லை. ஆனால் கைதிகளை விடுவிக்கும் தாள்களில் அவர் கையெழுத்து இருந்தது. அவர் முகாமில் இருக்கும்போது காவலர்கள் அடங்கி நடந்தார்கள். அவர் இல்லாத இரவுகளில் ஆட்டம் போட்டார்கள். ஒருவர் இருக்கும்போது ஒழுங்கும் இல்லாதபோது அட்டூழியமும் என்றால், அதைவிடக் கட்டுப்பாட்டுக்கு நல்ல சாட்சி எது? முசிச் தண்டிக்கப்பட்டார்.

அதே வழக்கில் செய்னில் டெலாலிச் விடுதலையானார். அவர் அந்த வட்டாரத்தில் செல்வாக்குள்ள மனிதர், ஒருங்கிணைப்பாளர், பிறகு ஒரு படைத்தொகுதியின் தளபதி. முகாம் தொடர்பான உத்தரவுகள் சில அவர் கையெழுத்தோடு போயிருந்தன. அவற்றை அவர் மேலிடத்துச் செய்தியைக் கடத்தியவராகத்தான் அனுப்பினார் என்று நீதிமன்றம் கண்டது. செல்வாக்கு வேறு, தடுக்கவும் தண்டிக்கவுமான வல்லமை வேறு. அவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அங்கே வேலையே வரவில்லை.

இப்போது ரோம் பக்கம். காங்கோவைச் சேர்ந்த ஜான்-பியர் பெம்பா, 2002 அக்டோபரில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அதிபர் பட்டாசேவுக்குத் துணையாகத் தன் படையை அனுப்பினார். படை எல்லை தாண்டிக் கொலை, வல்லுறவு, கொள்ளை என்று இறங்கியது. பெம்பாவோ தன் தலைமையகமான பாடோலிட்டேயில் இருந்தார். வானொலித் தொடர்புக் கருவியும் செயற்கைக்கோள் தொலைபேசியும் கையில் இருந்தன. வெளிநாட்டு ஊடகச் செய்திகளும் எட்டின. அதனால் விசாரணை நீதிபதிகளுக்கு 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற தளர்ந்த அளவுகோலே தேவைப்படவில்லை. அவருக்கு நேரடியாகவே தெரியும் என்றார்கள். 2016-ல் 18 ஆண்டுச் சிறை.

2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கவிழ்த்தது அறிவு பற்றிய கேள்வி அல்ல, மூன்றாவது விஷயம். பெம்பா விசாரணைக் குழு அமைத்தார், சில சிப்பாய்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். இதெல்லாம் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் நாடகம் என்பது விசாரணை நீதிபதிகளின் பார்வை. மேல்முறையீட்டுப் பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. அந்நிய மண்ணில் இருக்கும் படையைத் தூரத்திலிருந்து விசாரிப்பதில் உள்ள சிரமத்தை நீதிபதிகள் கணக்கில் எடுக்கவில்லை, நோக்கம் கலப்படமாக இருந்தாலே நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றார்கள். முடிவு 3-க்கு 2. சிறுபான்மை நீதிபதிகள் இருவரும் தண்டனையை அப்படியே நிலைநிறுத்தியிருப்பார்கள்.

எனக்கு அந்தப் பெரும்பான்மை வாதம் முழுதாக ஒட்டவில்லை. தூரம் ஒரு சிரமம்தான். ஆனால் அந்தத் தூரத்திலிருந்தே தொலைபேசியில் பேச முடிந்தவருக்கு, வல்லுறவு விஷயத்தில் உருப்படியாக ஒருவரையாவது நிறுத்தி விசாரிக்க முடியாமல் போனது எப்படி? ராணுவ நீதிமன்றத்துக்குப் போனவர்கள் மீதிருந்தது சில்லறைக் கொள்ளை பற்றிய குற்றச்சாட்டு.

எது மேலான அளவுகோல் என்று கேட்டால், அறிவு விஷயத்தில் செலெபிச்சி பக்கம்தான் நிற்பேன். கவனக்குறைவுக்காக ஒருவரை வல்லுறவுக் குற்றத்தில் கட்டுவது அதிகம். வழக்கைத் தயாரிப்பவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. 28-வது பிரிவில், தளபதி சரியாகக் கட்டுப்படுத்தாததன் விளைவாகவே குற்றம் நடந்தது என்ற வார்த்தைகளும் உண்டு. யூகோஸ்லாவியச் சட்டத்தில் அந்தச் சுமை இல்லை. எனவே 'அவருக்குத் தெரியும்' என்று காட்டும் செய்தித்தாள் துணுக்குகளைக் குவிப்பதைவிட, யாரை இடம் மாற்றினார், யாரைத் தண்டித்தார், எந்த உத்தரவு எத்தனை மணி நேரத்தில் நிறைவேறியது என்ற தாள்களைத் தேடுவதுதான் முதல் வேலை.