"நாடு திரும்புவேன்": ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று வரைவுகள்

முதுமாணிப் படிப்புக்காகப் பிரித்தானிய அரசு வழங்கும் செவனிங் புலமைப்பரிசில் பெறுவோர் படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குத் தம் நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே "திரும்பி வந்து சேவை செய்வேன்" என்று எழுதுபவர், எல்லா விண்ணப்பதாரரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் மறுபடி சொல்கிறார்; அது மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதுபோல் ஒலிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் இரசாயனவியலாளர் ஒருவர், நிலத்தடி நீரியல் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வரைவு, "என் மண்ணுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க, கற்ற அறிவைக் கொண்டு வடக்கின் நீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு காண்பேன்" என்று முடிகிறது. 'நீர்' என்னும் சொல்லை எடுத்துவிட்டுக் 'கல்வி' என்று போட்டாலும் இந்த வாக்கியம் அப்படியே நிற்கும். ஒப்புவிக்கும் தொனி அதனால்தான் வருகிறது.

இரண்டாம் வரைவு அம்மம்மா வீட்டுக் கிணற்றில் தொடங்குகிறது. வாசிக்க இதமானதுதான். ஆனால் அது ஏன் புறப்படுகிறார் என்பதைச் சொல்கிறதே தவிர, வந்து என்ன செய்வார் என்பதைச் சொல்லவில்லை.

மூன்றாம் வரைவு பாதியில் நிற்கும் ஒரு வேலையைக் காட்டுகிறது. வலிகாமத்தில் 40 கிணறுகளின் நீரை அவர் மூன்று ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார். சிலவற்றில் நைத்திரேற்று, லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டுகிறது. அது வெங்காயத் தோட்டத்து யூரியாவிலிருந்து வருகிறதா, மலசலகூடக் குழியிலிருந்து வருகிறதா என்பதை வழக்கமான பரிசோதனை பிரித்துக் காட்டாது. அது தெரியாமல் கமக்காரரிடம் பசளையைக் குறைக்கச் சொல்வதா, பிரதேச சபையிடம் குழிகளைப் பற்றி முறையிடுவதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. நைத்திரேற்று எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதிலுள்ள நைதரசன், ஒட்சிசன் சமதானிகளின், அதாவது ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்களின், விகிதம் மாறும். அதை அளக்கும் முறையைக் கற்கவே அவர் போகிறார்; இங்கிலாந்தின் சுண்ணப் பாறை நிலத்தடி நீரிலும் இதே சிக்கல் நெடுங்காலமாக இருப்பதால், ஏன் அந்த நாடு என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

என் தெரிவு மூன்றாவதுதான், இரண்டு திருத்தங்களோடு. தெரிவுக்குழுவில் நீரியலாளர் இருக்க வேண்டியதில்லை என்பதால், சமதானி பற்றிய விளக்கம் ஒரு வாக்கியத்தைத் தாண்டக்கூடாது. அடுத்து, அந்த வரைவில் வரும் "சமதானி ஆய்வுகூடம் நிறுவுவேன்" என்ற வரியை நீக்க வேண்டும். ஒரு முதுமாணிப் பட்டதாரியின் கையில் இருக்கும் காரியமன்று அது, அத்துடன் முதல் வரைவின் குரல் அங்கேதான் மறுபடி நுழைகிறது.

அதற்குப் பதிலாக, முறையின் எல்லையையும் சேர்த்து இப்படி எழுதலாம்: "திரும்பிய முதல் மாரியில் அதே 40 கிணறுகளில் மாதிரி எடுத்து, சமதானி அளவீட்டுக்கு வெளியே அனுப்புவேன். மாட்டெருவையும் குழிக் கழிவையும் இம்முறை தெளிவாகப் பிரிக்காது; ஆகவே எரு இடும் தோட்டங்களை அடுத்த கிணறுகளை முதலிலேயே தனியாகக் குறித்துக்கொள்வேன்."