ஊதுவதா, உறிஞ்சுவதா? சுரங்க ஹெடிங்குக்குக் காற்று அனுப்பும் இரண்டு வழிகள்

நீலகிரியில் நிலக்கரி கிடையாது. தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்தது நெய்வேலி. அதுவும் திறந்தவெளிச் சுரங்கம், மேலே வானம் தெரியும். அதனால் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சுரங்க மேற்பார்வையாளரான ஓவர்மேன் வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகனுக்கு, அடியில் இருக்கும் சுரங்கத்தைக் கண்முன் கொண்டுவருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் தெலங்கானா பக்கம் நிலத்தடிச் சுரங்கங்களில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவன். அவன் கேட்ட கேள்வி இது: "மாமா, கேஸை வெளியே எடுக்கணும்னா உறிஞ்சுறதுதானே சரி? எதுக்கு ஊதுறாங்க?"

கேள்வி நியாயமானதுதான், சமையலறையில் எல்லோரும் செய்வது அதுதானே. பதிலுக்கு ஒரு ஹெடிங்கை எடுத்துக்கொள்வோம். ஹெடிங் என்றால் நிலக்கரிக்குள் முன்னேறிக்கொண்டே போகும், மறுமுனை அடைபட்ட பாதை. அகலம் 4.2 மீட்டர், உயரம் 3 மீட்டர், நீளம் 60 மீட்டர் என்று வைப்போம். முனையில் இருக்கும் வெட்டுமுகத்தில் வினாடிக்கு 0.015 கன மீட்டர் மீத்தேன் வருகிறது, அவன் கேட்ட கேஸ் அதுதான். அதற்கு 25 மீட்டர் பின்னால் கூரையில் ஒரு விரிசல், அதிலிருந்து இன்னொரு 0.005 கசிகிறது. ஹெடிங்கின் வாயருகே பிரதான காற்றோட்டம் வினாடிக்கு 9 கன மீட்டர் கடந்து போகிறது. அங்கே ஒரு துணை மின்விசிறியும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள காற்றுக் குழாயும் வைத்து, வெட்டுமுகத்துக்கு 4 கன மீட்டர் காற்று கிடைக்கச் செய்கிறோம். இழப்புக்கு இடம் விட்டு விசிறி 5 எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேறுபாடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. குழாய் வாயிலிருந்து காற்று வினாடிக்கு சுமார் 14 மீட்டர் வேகத்தில் பீறிட்டுப் போகும். ஊதும் காற்று ஒரு தாரையாக நெடுந்தூரம் போகும். குழாய் விட்டத்தைப் போல 30 மடங்கு தூரத்தில், அதாவது 18 மீட்டரில்கூட, வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். உறிஞ்சும் குழாய்க்கு அந்தத் தாரை கிடையாது, எல்லாப் பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். ஒரு விட்ட தூரத்திலேயே, அதாவது 60 சென்டிமீட்டரிலேயே, வேகம் அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாடவைக்கும் நீளத் தொட்டியின் விசிறி முன்னால் நின்றால் சட்டை பறக்கும். அதே விசிறியின் பின்னால் இரண்டடி தள்ளி நின்றால் காற்றிருப்பதே தெரியாது. அவனைக் கூட்டிப்போய் நிறுத்திக் காட்டினேன். "அட, ஆமா" என்றான்.

சுரங்கத்தில் இதன் விளைவு என்ன? உறிஞ்சும் குழாயின் வாயை வெட்டுமுகத்துக்கு மிக அருகில் வைத்தே ஆகவேண்டும். அருகில் இருந்தாலோ வெடி வைக்கும்போது சிதறும் கரி குழாயைக் கிழித்துவிடும். ஆகவே வெடிக்கு முன் பத்து மீட்டர் பின்னால் இழுத்துவைப்பார்கள், பிறகு முன்னால் நகர்த்த மறப்பார்கள். விசிறி நன்றாகத்தான் ஓடும், சத்தமும் கேட்கும், ஆனால் வெட்டுமுகத்து மூலையில் காற்று அசையாமல் நிற்கும். ஊதும் குழாயை அதே பத்து மீட்டர் பின்னால் வைத்தாலும் தாரை போய்த் தொடும். மனிதர்களின் சோம்பலைத் தாங்கும் முறை ஊதுதல். எனக்கு இது சின்ன காரணமாகத் தெரியவில்லை.

குழாயில் கசிவு என்றாலும் இதே கதைதான். ஊதும் குழாய் வளையும் துணியாக இருக்கலாம், ஓட்டை விழுந்தால் காற்று வெளியே அடிப்பது கையில் தெரியும். உறிஞ்சும் குழாய் இரும்பாகவோ கம்பிச் சுருள் வைத்ததாகவோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அதன் ஓட்டை உள்ளே இழுப்பதால் பக்கத்தில் நடந்துபோகிறவனுக்குத் தெரியாது.

உறிஞ்சும் முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதில் வாயிலிருந்து வெட்டுமுகம் வரை நடக்கும் 60 மீட்டரும் சுத்தக் காற்று. ஊதும் முறையில் அதே வழியாகத்தான் தூசும் கேஸும் திரும்பி வருகின்றன. கரி வெட்டும் இயந்திரம் ஓடும் இடத்தில் தூசு மிரட்டும் என்பதால் அங்கே உறிஞ்சும் முறையை விரும்புவார்கள், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதே கேஸ் விசிறியின் வயிற்றுக்குள்ளேயே போகிறது. மோட்டார் உள்ளே எழும் சுடரை வெளியே விடாத வகையாக இருந்தாலும், இறக்கை உறையில் உரசினால் பொறி வரும்.

இப்போது கூரைக்கு வருகிறேன். தேர்வில் எல்லோரும் சதவீதத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் இடம் இது. நம் ஹெடிங்கில் மொத்தம் 0.02 கன மீட்டர் மீத்தேன் 4 கன மீட்டர் காற்றில் கலந்தால் 0.5 சதவீதம். இந்திய விதிப்படி காற்று திரும்பும் பாதையில் பொதுவான காற்றில் 0.75-க்கு மேல் போகக்கூடாது, எந்த இடத்திலும் 1.25-ஐத் தாண்டக்கூடாது. 0.5 என்றால் சரி, அப்படித்தானே? சராசரிக்குச் சரி. மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஏறக்குறைய பாதி எடை. விரிசலிலிருந்து வருவது உடனே கலந்துவிடாமல் கூரையோடு ஒட்டி ஒரு படலமாகப் படியும். அந்தப் படலத்தில் வெடிக்கும் அளவான 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம். காற்று 0.5 என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

படலம் நிற்குமா கலையுமா என்பதை ஒரு எண் சொல்லும். கேஸ் அளவைப் பாதையின் அகலத்தால் வகுத்து, மிதப்பு விசையால் பெருக்கி, அதன் கனமூலத்தால் காற்றின் வேகத்தை வகுத்துக் கிடைப்பது அது. சமதளப் பாதையில் அந்த எண் 5-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. நம் ஹெடிங்கில் 4 கன மீட்டர், 12.6 சதுர மீட்டர், ஆக வேகம் 0.32 மீட்டர். விரிசலின் 0.005-க்குக் கணக்குப் போட்டால் 1.8 வருகிறது, போதாது. 5-க்குக் கொண்டுபோக வினாடிக்கு 0.87 மீட்டர் வேகம், அதாவது 11 கன மீட்டர் காற்று வேண்டும். பிரதான காற்றோட்டமே 9-தான். ஆக, ஊதினாலும் உறிஞ்சினாலும் இந்தப் படலத்துக்கு இரண்டும் தானாக மருந்தாகாது.

ஆனால் மருந்து போடும் வசதியில் வித்தியாசம் இருக்கிறது. ஊதும் குழாயில் விரிசலுக்கு நேரே ஒரு கிளை வைத்து, அந்தக் காற்றைக் கூரையில் அடிக்கவிடலாம். அல்லது காற்றைத் திருப்பிவிடும் தடுப்பான பிராட்டிஸ் துணியைச் சாய்த்துக் கட்டிக் காற்றைக் கூரைப் பக்கம் ஏற்றிவிடலாம். உறிஞ்சும் குழாயில் கிளை வைத்தால் அதன் வாய் விரிசலை ஒட்டியே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை.

கூரைத் தாங்கல் விஷயமும் இங்கேதான் ஒட்டுகிறது. மரத்தூண் கொடுத்தால் கூரையில் துளை போடவேண்டாம், பளு ஏறும்போது மரம் முறுமுறுத்து எச்சரிக்கவும் செய்யும். ரூஃப் போல்ட் என்றால் கூரையில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமாகத் துளையிட்டுச் சிமென்டோ ரெசினோ நிரப்பிக் கம்பியை இறுக்குகிறோம். வழி விசாலமாகி காற்று தாராளமாகப் போகும் என்பதால் நானும் போல்ட் பக்கம்தான். ஆனால் அந்தத் துளை மேலே கேஸ் தங்கிய அடுக்கைத் தொட்டால் புதிய கசிவு பிறக்கும். துளையிட்டு முடித்ததும் மீத்தேன் அளவியை உயர்த்தி, நீட்டுக் குழாயின் நுனியைக் கூரையில் தொடவைத்து அளக்கவேண்டும். நெஞ்சு உயரத்தில் அளந்தால் 0.5-தான் வரும். பழைய தீச்சுடர் விளக்கை நான் பக்தியோடு பார்ப்பவன்தான், ஆனால் ஒரு விரற்கடைப் படலத்தை அது காட்டாது, அதன் உயரமே அதைவிட அதிகம்.

அப்புறம் மின்சாரம் போவது. விசிறி நின்றால் நம் ஹெடிங்கின் 756 கன மீட்டர் காற்றில் வினாடிக்கு 0.02 சேர்ந்துகொண்டே போகும். சராசரி 5 சதவீதத்தைத் தொட அரை மணி நேரம் போதும். கூரைப் பக்கம் அதற்கு வெகு முன்பே தொட்டிருக்கும். மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போடுவதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. ஊதும் முறையில் அப்படிச் செய்தால் உள்ளே இருந்த கலவை ஒரே உருண்டையாகத் திரும்பும் பாதைக்குள் தள்ளப்படும். உறிஞ்சும் முறையில் அது விசிறி வழியாகவே வெளியேறும்.

ஊதும் முறையில் இதை அடக்குவது எளிது. முதலில் திரும்பும் பாதையில் ஆளை விலக்கி, அங்கே மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். விசிறிக்குப் பக்கத்தில் குழாயின் இணைப்பைக் கழற்றிவைத்தால் பெரும்பாலான காற்று வெளியே சிந்தும், கொஞ்சமே உள்ளே போகும். வாயில் 9 கன மீட்டரோடு கலந்த பிறகு கூரை அருகே அளவு 0.75-க்குள் நிற்கும்படி இணைப்பை மெல்ல மெல்ல மூடிக்கொண்டே போவார்கள். அந்த வரம்பில் வினாடிக்கு 0.0675 கன மீட்டர் மீத்தேன்தான் வெளியேற்ற முடியும், அதில் 0.02 புதிதாக வருவதற்கே போய்விடும். அரை மணி நின்ற ஹெடிங்கைக் காலி செய்யக் கால் மணி நேரம், இரண்டு மணி நின்றதென்றால் ஐம்பது நிமிடம். அதுவும் திரும்பும் பாதையில் வேறு கேஸ் இல்லாதபோது.

விசிறி வைக்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊதும் விசிறி, ஹெடிங் வாயிலிருந்து காற்று வரும் பக்கம் குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், கடந்து போகும் காற்று அது எடுப்பதைவிட அதிகமாக இருக்கவேண்டும். 9-க்கு 5 என்றால் சரி. யாரோ ஒரு கதவைத் திறந்து வைத்து 9 என்பது 4 ஆகிவிட்டால், விசிறி ஹெடிங்கிலிருந்து வந்த காற்றையே மறுபடி உள்ளே ஊதும். நாடாவோ தூசுப் பொடியோ விட்டுப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

என் தேர்வு என்ன என்று அவன் கேட்டான். கேஸ் உள்ள, வெடி வைத்து முன்னேறும் ஹெடிங்குக்கு ஊதும் முறை. இயந்திரம் வெட்டும், தூசு மிகுந்த இடத்துக்கு இரண்டையும் சேர்த்து வைக்கலாம்: பெரிய விசிறி உறிஞ்சும், வெட்டுமுகத்தருகே சிறிய விசிறி ஊதும். அங்கே சிறியது ஊதும் அளவு பெரியது உறிஞ்சுவதைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கவேண்டும். இரண்டும் நெருங்கினால், இரு குழாய்களும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும் அந்தப் பத்து மீட்டரில் காற்று நகராது. மீத்தேன் அளவியை அங்கே கூரையில் வைத்துப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது.